மாலை ஏழரைக்குப் பிறகு இணையம் ஏன் இழுபடுகிறது: கேபிள் டிவியில் இருந்து இணையத்துக்கு வந்தவருக்கான முழுமையான வழிகாட்டி

கேபிள் டிவி நடத்தியவர் இணையம் கொடுக்கத் தொடங்கும்போது பழைய தொழிலின் ஒரு பாடத்தையும் கூடவே கொண்டு வருகிறார்: படம் புள்ளி புள்ளியாக வந்தால் சிக்னல் குறைந்துவிட்டது, கம்பத்தில் ஏறிப் பார். டிவியில் அது சரியான பாடம். ஒரே செனல் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் போகிறது. 300 வீடுகளும் ஒரே நாடகத்தைப் பார்த்தாலும், ஆளுக்கொரு செனல் பார்த்தாலும், லைனில் ஓடுவது மாறுவதில்லை. வீடு கூடினால் ஸ்பிளிட்டர் கூடும், சிக்னலின் அளவு குறையும், ஒரு அம்ப்ளிஃபயர் போட்டால் சரியாகிவிடும்.

இணையத்தில் இந்தப் பாடம் உதவாது. ஒவ்வொரு வீடும் கேட்பதைத் தனித்தனியாகக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஒரே வீட்டில் அம்மா ஒரு வீடியோவும் மகன் இன்னொரு வீடியோவும் பார்த்தால் இரண்டு மடங்கு ஓடுகிறது. ஆகவே சிக்னல் கண்ணாடி போல இருக்கும்போதே இணையம் நின்றுவிடலாம். மாலைப் பிரச்சினையின் பெரும்பகுதி இந்த வகைதான். அது எங்கே உண்டாகிறது, அதை எப்படி அளந்து பிடிப்பது, பிடித்த பிறகு என்ன செய்வது என்பதை ஓர் உதாரண ஆபரேட்டரோடு சேர்ந்து பார்ப்போம்.

கொழும்புக்கு வடக்கே, வத்தளை தாண்டிய ஒரு சிறு நகரம் என்று வைத்துக்கொள்வோம். கேபிள்காரர் பழைய கோஎக்சியல் லைனைக் கழற்றிவிட்டு ஃபைபர் இழுத்திருக்கிறார். உரிம வேலைகள் எல்லாம் முடிந்துவிட்டன. 320 வீடுகள். ஒரே ஃபைபரை ஸ்பிளிட்டரால் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஜிபொன் முறை, ஒரு போர்ட்டுக்கு 64 வீடுகள் வீதம் 5 போர்ட்டுகள். எல்லா வீட்டுக்கும் 50 மெகாபிட் திட்டம். கொழும்பிலுள்ள ஒரு பெரிய நிறுவனத்திடம் இருந்து 500 மெகாபிட் மேல் இணைப்பை மாத வாடகைக்கு எடுத்திருக்கிறார். நடுவில் ஒரு மைக்ரோடிக் ரவுட்டர். பகலில் எல்லாம் பறக்கிறது. இரவு 8 மணிக்கு போன் அடிக்கத் தொடங்குகிறது.

"அண்ணா, நெட் சுத்திக்கொண்டே நிக்குது. கனடாவில இருந்து அக்கா எடுத்தா குரல் வெட்டி வெட்டி வருது."

கொழும்பில் இரவு 8.30 ஆகும்போது, கோடைகாலமாக இருந்தால், டொரொன்டோவில் காலை 11 மணி, லண்டனில் மாலை 4 மணி. வெளிநாட்டு உறவுகள் அழைப்பதும், வீட்டில் எல்லோரும் வீடியோ பார்ப்பதும் ஒரே நேரத்தில் வருகின்றன. நேரப்படி அளக்கும் மின்சாரக் கட்டணத்தில் மாலை 6.30 முதல் 10.30 வரை உச்ச நேரம் என்று தனிக் கட்டணம் இருப்பதற்கும் இதே மாதிரியான காரணம்தான்: எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படுகிறது.

முதல் படி: சிக்னலை ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள்

கேபிள்காரர் முதல் வேலையாகத் தன் லைன் பையனைப் பவர் மீட்டரோடு அனுப்புகிறார். அனுப்பட்டும், அதில் தவறில்லை. ஆனால் ஒரே வீட்டில் இரண்டு தடவை அளக்க வேண்டும்: பகல் 2 மணிக்கு ஒன்று, இரவு 8.30க்கு ஒன்று. ஜிபொன்னில் பொதுவாகப் பயன்படும் பி பிளஸ் வகையில் வீட்டுப் பெட்டி மைனஸ் 27 டிபிஎம் வரை வேலை செய்யும். கொஞ்சம் இடம் விட்டு மைனஸ் 25க்குக் கீழே போகாமல் வைத்திருப்பது நல்லது. 64ஆகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரே ஏறத்தாழ 20 டிபி தின்றுவிடும் என்பதால் மைனஸ் 20, 22 என்று வருவது இயல்பு.

பகலில் மைனஸ் 21, இரவிலும் மைனஸ் 21 என்றால் சிக்னலின் கதை அங்கே முடிந்தது. ஃபைபரில் ஓடும் வெளிச்சம், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதற்கேற்பக் கூடிக் குறைவதில்லை. பகலில் நன்றாக இருந்து மாலையில் மட்டும் கெடும் ஒன்றை ஸ்பிளிட்டர் மாற்றியோ கனெக்டர் மாற்றியோ சரிசெய்ய முடியாது. இந்த இடத்தில் நிற்காமல் ஒரு வாரம் முழுக்கக் கம்பத்தில் ஏறுபவர்கள் நிறையப் பேர்.

இதே கட்டத்தில் ஃபைபர் போர்ட்டின் கொள்ளளவையும் ஒரு வரிக் கணக்கில் பார்த்துவிடலாம். ஜிபொன் போர்ட் ஒன்று கீழ்நோக்கி ஏறத்தாழ 2,488 மெகாபிட் தரும். 64 வீடுகளும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுத்தால்கூட வீட்டுக்கு 38 மெகாபிட் கிடைக்கும். அப்படி எல்லோரும் ஒரே கணத்தில் இழுப்பது நடப்பதில்லை. ஆகவே 500 மெகாபிட் மேல் இணைப்பு வைத்திருப்பவர் இந்தப் போர்ட்டுகளைத் தரும் ஓஎல்டி பெட்டி இன்னொன்று வாங்கினால் காசு போகும், மாலை மாறாது.

இரண்டாம் படி: தாமதம் எந்த இடத்தில் ஏறுகிறது என்று பார்ப்பது

வேகச் சோதனை இணையத்தளங்களைக் கொண்டு நெரிசலைத் தேடாதீர்கள். அவை ஒரு எண்ணைத் தரும், இடத்தைச் சொல்லாது. இடத்தைச் சொல்வது பிங்: ஒரு சிறு தரவுத் துண்டை, அதாவது பைக்கெட்டை, அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிசெக்கன் என்று பார்ப்பது. முறைப்பாடு வரும் ஒரு வீட்டுக்குப் போய், மடிக்கணினியை வயர் போட்டு வீட்டுப் பெட்டியில் நேரடியாகச் செருகுங்கள். வைஃபையில் அளந்தால் அந்த வீட்டின் வைஃபை குழப்பமும் கணக்கில் கலந்துவிடும். பிறகு மூன்று இடங்களுக்கு 100 பிங் வீதம் அனுப்புங்கள்: வீட்டுப் பெட்டி, உங்கள் ரவுட்டர், மேல் நிறுவனத்தின் முதல் ரவுட்டர்.

```
ping -n 100 192.168.1.1
ping -n 100 10.10.0.1
ping -n 100 203.0.113.1
```

முகவரிகளை உங்கள் வலையமைப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். இதையும் பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை செய்ய வேண்டும். நம் கேபிள்காரருக்குப் பகலில் வந்தது 1, 3, 5 மில்லிசெக்கன். இரவில் வந்தது 1, 3, 185.

இது ஒன்றே பாதி வழக்கைத் தீர்த்துவிடுகிறது. வீட்டில் இருந்து அவருடைய ரவுட்டர் வரை எதுவும் மாறவில்லை. ஃபைபர், ஸ்பிளிட்டர், ஓஎல்டி, எல்லாம் நிரபராதி. அவருடைய ரவுட்டருக்கும் கொழும்பு நிறுவனத்தின் ரவுட்டருக்கும் நடுவில் 180 மில்லிசெக்கன் கூடியிருக்கிறது. அதே தூரம், அதே கம்பி. கூடியது பயண நேரம் அல்ல, காத்திருக்கும் நேரம். 500 மெகாபிட் வாசலுக்கு முன்னால் பைக்கெட்டுகள் வரிசையில் நிற்கின்றன. வரிசை எவ்வளவு நீளம் என்றுகூடக் கணக்கிடலாம்: ஒரு செக்கனுக்கு 500 மெகாபிட் போகும் வழியில் 0.18 செக்கன் காத்திருப்பு என்றால் 90 மெகாபிட், அதாவது 11 மெகாபைட்டுக்கு மேல் நிற்கிறது. வட்ஸ்அப் அழைப்பின் சின்னஞ்சிறு பைக்கெட்டும், யாரோ இறக்கும் பெரிய கோப்பின் பின்னால் அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும். அக்காவின் குரல் வெட்டுப்படுவது இதனால்தான்.

இங்கே இரண்டு விஷயங்களில் தடுமாறுவார்கள். ஒன்று, மேல் நிறுவனம் 500க்கு மேல் வருவதை வரிசையில் நிறுத்தாமல் வெட்டி எறியும்படி அமைத்திருக்கலாம். அப்போது தாமதம் ஏறாது. அதற்குப் பதிலாக 100 பிங்கில் மூன்று, ஐந்து என்று தொலையும். தாமதம் 5லேயே நின்று, இழப்பு மட்டும் மாலையில் தோன்றினால் அதுவும் இதே நோய்தான், வெளித்தோற்றம் மட்டும் வேறு. மற்றது, வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரின் தாமதத்தையும் காட்டும் டிரேஸ்ரூட்டை ஓட்டும்போது நடுவில் ஒரு ரவுட்டர் 200 காட்டி, அதற்கு அடுத்தது 20 காட்டினால் அங்கே நெரிசல் இல்லை. பெரிய ரவுட்டர்கள் தமக்கே வரும் பிங்குக்குச் சாவகாசமாகத்தான் பதில் சொல்லும். ஏறிய தாமதம் அந்தப் புள்ளியில் இருந்து கடைசி வரை இறங்காமல் தொடர்ந்தால் மட்டும் நம்புங்கள்.

இரண்டாவது எண்ணே, அதாவது உங்கள் சொந்த ரவுட்டருக்கான பிங்கே, இரவில் ஏறினால் வழக்கு வேறு. ரவுட்டரின் சிபியுவைப் பாருங்கள்:

```
/tool profile cpu=all
```

நான்கு கோர்களில் ஒன்று மட்டும் 100 வீதத்தில் நிற்க, மற்றவை சும்மா இருப்பது வழக்கமான காட்சி. சராசரி 30 வீதம் என்று காட்டும், ஆனால் பைக்கெட்டுகள் அந்த ஒரு கோரின் முன்னால் காத்திருக்கும். முதலாவது எண்ணே ஏறினால் பிரச்சினை அந்த வீட்டுக்குள் இருக்கிறது.

மூன்றாம் படி: வரைபு பொய் சொல்கிறதா என்று சோதிப்பது

கேபிள்காரர் இப்போது கொழும்பு நிறுவனத்துக்கு போன் எடுக்கிறார். அவர்களுடைய பதில்: "நீங்கள் 500ஐயும் முழுக்க எடுக்கிறீர்கள்." அவர் தன் திரையைப் பார்க்கிறார். மாலை 8 மணிக்கு அவருடைய வரைபு காட்டுவது 24 மெகாபிட். பகலில் 90 காட்டுகிறது, மாலையில் 24. பகலை விட மாலையில் குறைவாக ஓடுகிறது என்று அவருடைய சொந்தத் திரையே சொல்லும்போது, மேல் நிறுவனம் ஏமாற்றுகிறது என்று அவர் நினைத்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் பிழை வரைபில்தான் இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒப்பந்தத்தையே முறித்துவிடக் கூடாது, ஆகவே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

ரவுட்டரிடம் வரைபு மென்பொருள் கேட்பது வேகத்தை அல்ல. இதுவரை எத்தனை பைட் போயிருக்கிறது என்ற கவுன்டரை 5 நிமிடத்துக்கு ஒரு தடவை வாசித்து, கூடியதை 300 செக்கனால் பிரிக்கிறது. பழைய வகைக் கவுன்டர் 32 பிட் கொண்டது. அது 4,294,967,295 வரை எண்ணிவிட்டு மறுபடி சுழியத்தில் இருந்து தொடங்கும். ஒரு தடவை சுற்றினால் மென்பொருள் கண்டுபிடித்துத் திருத்திவிடும். ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு தடவை, நான்கு தடவை சுற்றினால் அதற்குத் தெரியாது. ஐந்து நிமிடத்தில் ஒரு சுற்று என்பது ஏறத்தாழ 114.5 மெகாபிட் வேகம். ஆகவே அதற்கு மேல் எதையும் இந்த வரைபு ஒருபோதும் காட்டாது. உண்மையான வேகத்தில் இருந்து 114.5ஐக் கழிக்க முடிந்த அளவுக்குக் கழித்து, மீதியை மட்டும் காட்டும்.

கணக்கைப் போடுங்கள். உண்மையில் ஓடுவது 482 மெகாபிட். அதில் நான்கு தடவை 114.5 போனால் 458. மீதி 24. திரையில் இருந்த எண் அதுவேதான். பகலில் ஓடும் 90 மெகாபிட் ஒரு சுற்றுக்குள் அடங்குவதால் அதை மட்டும் சரியாகக் காட்டுகிறது.

இந்தப் பிழையை வரைபின் வடிவத்திலேயே பிடிக்கலாம். பின்னேரம் வேகம் ஏற ஏற, கோடு 110 தாண்டியதும் செங்குத்தாகத் தரைக்கு விழும். மறுபடி ஏறும், மறுபடி விழும். வாள் பல்லைப் போன்ற அந்த வடிவத்தைக் கண்டால் வேறெதுவும் தேட வேண்டாம். 64 பிட் கவுன்டருக்கு மாற்றுங்கள். அதன் பெயர் `ifHCInOctets`, பழையதன் பெயர் `ifInOctets`. வரைபு மென்பொருள் ரவுட்டரிடம் கவுன்டரைக் கேட்கும் முறையான எஸ்என்எம்பியின் முதலாம் பதிப்பில் 64 பிட் எண்ணை அனுப்பவே முடியாது. 2சி பதிப்பு வேண்டும். ரவுட்டர் சரியாகத் தருகிறதா என்று இப்படிப் பார்க்கலாம், COMMUNITY என்ற இடத்தில் உங்கள் ரவுட்டரில் எஸ்என்எம்பிக்கு வைத்திருக்கும் பெயரைப் போடுங்கள்:

```
snmpwalk -v2c -c COMMUNITY 10.10.0.1 1.3.6.1.2.1.31.1.1.1.6
```

அதே நேரம் ரவுட்டரின் திரையில் அந்தப் போர்ட்டை நேரடியாகவும் பாருங்கள். போர்ட்டின் பெயர் உங்களுடையது வேறாக இருக்கும்.

```
/interface monitor-traffic sfp-sfpplus1
```

இரண்டும் ஒன்றையொன்று ஒத்துப்போனால் வரைபை நம்பலாம். திருத்திய வரைபில் கேபிள்காரர் கண்டது இதுதான்: மாலை 6 மணிக்கு ஏறத் தொடங்கும் கோடு 7.45க்கு 482ஐத் தொடுகிறது, அங்கேயே மேசை போலத் தட்டையாகி, 10.50 வரை அசையாமல் நிற்கிறது, பிறகு இறங்குகிறது. மக்கள் பயன்பாடு ஒருபோதும் தட்டையாக இருப்பதில்லை. அது ஏறும், குத்தாக உயரும், ஆடும். கோடு தட்டையாக நின்றால், ஏதோ ஒன்று அதை மேலே போக விடாமல் அழுத்துகிறது. 500 வாங்கி 482 மட்டும் தெரிவதில் மோசடி எதுவும் இல்லை. அந்த வேறுபாட்டுக்குக் காரணம் இரண்டு: இருவரும் பைக்கெட்டின் வெவ்வேறு பகுதிகளை எண்ணுகிறார்கள், நெரிசலில் டிசிபி இணைப்புகள் பின்வாங்கி மறுபடி முன்னேறும்போது சிறு இடைவெளிகளும் விழுகின்றன.

நான்காம் படி: வரிசையை உங்கள் கைக்குள் கொண்டுவருவது

கூடுதல் கொள்ளளவு வாங்கக் காசும் சில வாரங்களும் வேண்டும். அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதை இன்றிரவே செய்யலாம். இப்போது வரிசை நிற்பது கொழும்பு நிறுவனத்தின் ரவுட்டரில். அங்கே யார் முன்னால், யார் பின்னால் என்று உங்களால் சொல்ல முடியாது. நீங்களே உங்கள் ரவுட்டரில், அவர்கள் தரும் அளவை விடக் கொஞ்சம் குறைவாக எல்லை வைத்துவிட்டால் வரிசை உங்களிடம் வந்துவிடும். 482 வரை கிடைப்பவர் 460 வைக்கலாம், ஏறத்தாழ 5 வீதம் குறைவு. அந்த 5 வீதத்தை இழக்க மனம் வராமல் 482 என்றே வைத்தால் வரிசை மறுபடி அங்கேயே போய் நிற்கும், பயன் கிடையாது.

வரிசை கைக்கு வந்ததும் அதை நடத்தும் முறையையும் மாற்ற வேண்டும். மைக்ரோடிக்கின் ஏழாம் பதிப்பு மென்பொருளில் கேக் என்ற வரிசை முறை இருக்கிறது. சிறு பைக்கெட்டுகளைப் பெரிய இறக்கங்களின் பின்னால் நிற்க விடாமல் முன்னே அனுப்பும், நீண்ட நேரம் நிற்கும் ஓட்டத்துக்கு வேகத்தைக் குறைக்கச் சொல்லும்.

```
/queue type add name=c-up kind=cake cake-diffserv=besteffort cake-flowmode=dual-srchost cake-nat=yes
/queue type add name=c-down kind=cake cake-diffserv=besteffort cake-flowmode=dual-dsthost cake-nat=yes
/queue simple add name=uplink target=10.20.0.0/16 max-limit=460M/460M queue=c-up/c-down
```

இதில் `10.20.0.0/16` என்பது வீடுகளுக்குக் கொடுத்திருக்கும் முகவரிகள். அப்லோட் முன்னால், டவுன்லோட் பின்னால். முக்கியமானது அந்த `dual-dsthost` என்ற சொல். அது இணைப்புக்கு ஒரு பங்கு என்று பிரிக்காமல் முதலில் வீட்டுக்கு ஒரு பங்கு என்று பிரிக்கிறது. டொரன்ட் ஓட்டும் ஒரு வீடு ஒரே நேரத்தில் 80 இணைப்பு திறந்துவிடும். இணைப்புக்கு ஒரு பங்கு என்றால் அந்த வீடு 80 பங்கை எடுத்துக்கொள்ள, வட்ஸ்அப் பேசும் வீட்டுக்கு ஒன்றுதான் கிடைக்கும். வீட்டுக்கு ஒரு பங்கு என்றால் இரண்டும் சமம்.

இந்தக் கட்டளைகளைப் போட்டும் எந்த மாற்றமும் இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஃபாஸ்ட்ட்ராக். ஃபயர்வாலில் `fasttrack-connection` என்ற விதி இயங்கினால், அந்த வழியாகப் போகும் பைக்கெட்டுகள் இந்த வரிசையைத் தொடாமலே போய்விடும். வரிசையின் எண்ணிக்கை 460ஐ நெருங்க வேண்டிய நேரத்தில் 10, 20 என்று காட்டுவது அதன் அடையாளம். அந்த விதியை நிறுத்துங்கள். நிறுத்தியதும் சிபியு வேலை கூடும், சிறிய ரவுட்டராக இருந்தால் நிறையவே கூடும். ஆகவே முதல் மாலையில் பக்கத்திலேயே இருந்து `/tool profile` பார்க்க வேண்டும். ஒரு கோர் முட்டி நின்றால் `kind=cake` என்பதற்குப் பதிலாக இலேசான `kind=fq-codel` வைத்து, `cake-` என்று தொடங்கும் அமைப்புகளை நீக்கிவிடலாம். வீட்டுக்கு ஒரு பங்கு என்ற நியாயம் போய்விடும், தாமதம் குறைவது மட்டும் கிடைக்கும்.

நம் கேபிள்காரருக்கு இதன் பிறகு இரவு 8.30 பிங் 185இல் இருந்து பத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அக்காவின் குரல் வெட்டாமல் வந்தது. ஒரு குரல் அழைப்புக்கு 0.1 மெகாபிட்கூடத் தேவைப்படாது, அதற்கு வேண்டியது நேரத்துக்கு வந்து சேர்வது மட்டும். ஆனால் டவுன்லோட் வேகம் கூடவில்லை, கூடவும் முடியாது. 1080 வீடியோ பார்த்த சில வீடுகள் 720க்கு இறங்கின. இதை வாடிக்கையாளரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது: "தம்பி, கோல் இனி நிக்காது. ஆனா பெரிய டவுன்லோட் இரவில மெதுவாத்தான் வரும், அடுத்த மாசம் லைனைக் கூட்டுறன்."

ஐந்தாம் படி: எவ்வளவு வாங்குவது

விற்றதைக் கூட்டினால் 320 வீடு, 50 மெகாபிட் வீதம் 16,000. வாங்கியது 500. ஒன்றுக்கு முப்பத்திரண்டு. இந்த விகிதத்தைப் பார்த்துத் திகைக்கவும் வேண்டாம், இதை வைத்துத் தீர்மானிக்கவும் வேண்டாம். எல்லோரும் ஒரே கணத்தில் 50 இழுப்பதில்லை என்பதில்தான் இந்தத் தொழிலே நிற்கிறது. தேவைப்படும் எண் வேறு: உச்ச நேரத்தில் ஒரு வீடு சராசரியாக எவ்வளவு எடுக்கிறது.

அதை இப்போதிருக்கும் வரைபில் இருந்து எடுக்கக் கூடாது. 482ஐ 320ஆல் பிரித்தால் 1.5 மெகாபிட் வரும். அது வீடுகளுக்குக் கிடைத்தது. வீடுகள் கேட்டது அல்ல. தட்டையான கோட்டுக்கு மேலே எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று அந்தக் கோட்டுக்குத் தெரியாது. வீடியோ செயலிகள் இடம் இல்லாதபோது தாமாகவே தரத்தைக் குறைத்துக்கொள்வதால் உண்மையான தேவை இன்னும் மறைந்துவிடுகிறது. 1080 தரத்துக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் வேண்டும். 100 வீடுகள் அப்படிப் பார்த்தால் அதுவே 500.

செய்ய வேண்டியது, மேல் நிறுவனத்திடம் இரண்டு வாரத்துக்கு மட்டும் எல்லையை 1,000க்கு உயர்த்தச் சொல்வது. அதோடு உங்கள் சொந்த 460 எல்லையையும் உயர்த்த மறக்காதீர்கள். மறந்தால் பழைய மேசையையே மறுபடி அளப்பீர்கள். சனி, ஞாயிறு இரண்டும் அதற்குள் வர வேண்டும், கிரிக்கெட் மேட்ச் ஒன்றும் வந்தால் இன்னும் நல்லது. கேபிள்காரரின் கோடு இந்தத் தடவை 770 வரை குத்தாக உயர்ந்து இறங்கியது, தட்டையாகவில்லை. 770ஐ 320ஆல் பிரித்தால் வீட்டுக்கு 2.4 மெகாபிட். இதுதான் அவருடைய சொந்த எண். வேறொருவரின் எண்ணைக் கடன் வாங்க வேண்டாம். பிள்ளைகள் நிறைந்த தொடர்மாடிக்கும், வயதானவர்கள் மட்டும் இருக்கும் தெருவுக்கும் இது நிறையவே மாறும்.

அதில் இருந்து வாங்க வேண்டியதைக் கணக்கிட இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் போட்டு, பெரியதை எடுக்க வேண்டும். ஒன்று, உச்சம் இணைப்பின் 80 வீதத்தைத் தாண்டக் கூடாது என்ற கணக்கு: 770ஐ 0.8ஆல் பிரித்தால் 962. மற்றது, அந்த உச்சத் தேவையோடு நீங்கள் விற்கும் மிகப் பெரிய திட்டத்தைக் கூட்டுவது: 770, அதோடு 50, ஆக 820. இங்கே 962 பெரியது, ஆகவே 1,000 வாங்கலாம். வெறும் 40 வீடு உள்ளவருக்குக் கணக்கு மாறும். அவருடைய உச்சம் 96. 80 வீதக் கணக்கு 120 என்கிறது. ஆனால் ஒரே ஒரு வீடு 50 மெகாபிட்டில் விளையாட்டு ஒன்றை இறக்கினால் 146 வேண்டும். வீடுகள் குறையக் குறைய ஒரே வீட்டின் பாரம் பெரிதாகிறது, ஆகவே சிறியவர் விகிதப்படி கூடுதலாக வாங்க வேண்டியிருக்கிறது.

ஒப்பந்தத்தில் 95 வீத முறைப்படி கட்டணம் என்று இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். மாதத்தின் 5 நிமிட அளவுகளில் உச்சியில் உள்ள 5 வீதத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குக் கட்டணம் போடுவார்கள். 30 நாளில் 5 வீதம் என்பது 36 மணி நேரம். உங்கள் மாலை நெரிசல் நாளுக்கு 3 மணி வீதம் 90 மணி நேரம். ஆகவே இந்த முறையில் மாலை உச்சத்துக்குத்தான் காசு கட்டுவீர்கள், சலுகை எதுவும் கிடைக்காது.

1,000க்குப் போகும்போது ரவுட்டரில் மேல் இணைப்பு செருகியிருக்கும் போர்ட்டையும் பாருங்கள். அது 1 கிகாபிட் போர்ட் என்றால் அடுத்த நெரிசல் அங்கேயேதான் வரும், 10 கிகாபிட் போர்ட் உள்ள ரவுட்டருக்கு இப்போதே திட்டமிடுவது நல்லது.

வீடியோ எங்கிருந்து வருகிறது

பெரிய வீடியோ நிறுவனங்கள் தங்கள் வீடியோக்களின் பிரதிகளை நாட்டிலுள்ள பெரிய இணைய நிறுவனங்களுக்குள்ளேயே சேமிப்புப் பெட்டிகளில் வைக்கும். 500 மெகாபிட் எடுக்கும் சிறியவருக்கு அந்தப் பெட்டியைத் தரமாட்டார்கள், ஆனால் உங்கள் மேல் நிறுவனத்திடம் இருக்கலாம். இருந்தால் உள்நாட்டுப் பிரதிக்கும் வெளிநாட்டுப் பாதைக்கும் தனித்தனி அளவு தரச் சொல்லிக் கேளுங்கள். உள்நாட்டுப் பகுதிக்குப் பேரம் பேச இடம் உண்டு, அது கடலடிக் கேபிளில் போவதில்லை.

வீடியோ உண்மையில் எங்கிருந்து வருகிறது என்று பிங் சொல்லிவிடும். ஃபைபரில் வெளிச்சம் செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் போகும். கொழும்பில் இருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். போய் வர 27 மில்லிசெக்கன், அதற்குக் குறைந்து வரவே முடியாது. கேபிள் வளைந்து போவதால் நடைமுறையில் இன்னும் கூடும். வீடியோ சேவருக்கு 5 மில்லிசெக்கன் வந்தால் பிரதி நாட்டுக்குள் இருக்கிறது. 50, 60 வந்தால் கடல் தாண்டி வருகிறது.

மேல் நிறுவனத்திடம் பிரதி இருந்தும் கடல் தாண்டி வருகிறதென்றால், இணையத்தளத்தின் பெயரைக் கேட்டு முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் அமைப்பைப் பாருங்கள். எந்தப் பிரதிக்கு அனுப்புவது என்று முடிவெடுப்பது பெரும்பாலும் டிஎன்எஸ் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான். வாடிக்கையாளரின் இடத்தைச் சொல்லாத பொது டிஎன்எஸ் ஒன்றை எல்லா வீட்டுக்கும் கொடுத்திருந்தால் பக்கத்திலுள்ள பிரதியை விட்டுத் தூரத்துக்கு அனுப்பிவிடலாம். மேல் நிறுவனத்தின் டிஎன்எஸ் முகவரியைக் கொடுத்து அதே மாலையில் மறுபடி அளந்து பாருங்கள்.

வீட்டுக்குள் தங்கிவிடும் முறைப்பாடுகள்

இவ்வளவும் செய்த பிறகும் சில வீடுகள் மாலையில் போன் எடுக்கும். அவை பெரும்பாலும் தொடர்மாடிகளில் இருக்கும். 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத செனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். ஒரு மாடியில் எட்டு வீடு இருந்தால் எட்டுப் பெட்டிகளும் இந்த மூன்றில் நெருக்கியடிக்க வேண்டும், எல்லோரும் வீட்டில் இருக்கும் மாலையில் அது தெரியவரும். வயர் போட்டு அளந்து நன்றாக இருந்தால் டிவியை வயரில் செருகுங்கள், போன்களை 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றுங்கள். இந்த வீடுகளுக்காக மேல் இணைப்பைக் கூட்ட வேண்டியதில்லை.

இனி எப்போது கூட்டுவது

64 பிட் வரைபில் மாலை உச்சம் ஒரு வாரத்தில் மூன்று நாட்கள் 80 வீதத்தைத் தாண்டினால் அன்றே மேல் நிறுவனத்துக்கு எழுதிவிடுங்கள். கூட்டிக் கொடுக்க அவர்களுக்குச் சில வாரங்கள் பிடிக்கும், புதிய ஃபைபர் இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் கூடும். வரைபோடு சேர்த்து, உங்கள் ரவுட்டரில் இருந்து மேல் நிறுவனத்தின் முதல் ரவுட்டருக்கு நிமிடத்துக்கு ஒரு பிங் ஓட விட்டு அதையும் பதிந்து வையுங்கள். உங்கள் எல்லைக்குள் நீங்கள் இருக்கும்போதே அந்த பிங் மாலையில் ஏறினால் நெரிசல் அவர்களுடைய பக்கத்தில் இருக்கிறது. அப்போது போனில் சண்டை பிடிக்க வேண்டாம், இரண்டு வரைபுகளையும் ஒரே நேர அச்சில் வைத்து அனுப்பினால் அவர்களுடைய பொறியியலாளருக்கு அதுவே போதும்.